தலையாட்டிய முகம்

என் வீட்டுக்காரர் கிளாட்சன் எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்லை. கல்யாணம் முடிஞ்சு, சொந்தக்காரங்க பஸ் ஏறி, பந்தல்காரன் கீத்தைப் பிரிச்சு எடுத்துட்டுப் போன பிறகுதான் அவருக்குக் கல்யாணம் ஆரம்பம். மயிலாடுதுறையில ஒளிமதி ஸ்டுடியோன்னு ஒரு கடை. அதோட மாடியில ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், காதை முழுசா மூடுற ஹெட்போன். யார் வீட்டு வீடியோவையோ வெட்டி ஒட்டுறதுதான் அவர் பொழைப்பு. ஊர்ல பாதிப் பேர் தாலி கட்டினதை அவர் பாத்திருக்கார். தெருவுல எதிர்ல வந்தா அவரை ஒருத்தருக்கும் தெரியாது.

பிறந்தது தரங்கம்பாடி. அவங்க வீடு லுத்தரன், எங்க வீடு ஆர்.சி. கல்யாணத்துக்கு முன்னாடி அவர் சென்னையில இருந்தார். டிவி சீரியல்ல பேச்சு எடிட்டிங், அதாவது ரெண்டு பேர் பேசுறதை வெட்டிச் சேர்க்கிற வேலை. அவங்க அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் எல்லாத்தையும் போட்டுட்டு ஊருக்கு வந்தவர், அம்மா போன பிறகும் திரும்பிப் போகலை. நான் சத்துணவு அமைப்பாளர். நாள் முழுக்கப் பிள்ளைங்ககிட்ட கத்திக் கத்தி எனக்குத் தொண்டை பெருசு. அவருக்கு வாயே கிடையாது. நல்ல ஜோடின்னு எங்க பங்குச் சாமியாரே சிரிப்பார்.

கல்யாணமான புதுசுல, அப்படி என்னதாங்க பண்றீங்க அந்த ரூம்லன்னு கேட்டேன். ஸ்க்ரீன்ல காமிச்சார். மேல படத்துக்கு ஒரு பட்டை, கீழ சத்தத்துக்கு ஒரு பட்டை. ஒருத்தர் பேசி முடிச்சதும் டக்குனு அடுத்தவர் மூஞ்சி வந்து பேச ஆரம்பிச்சா, கேள்வித்தாள்ல கேள்வி பதில் மாதிரி இருக்குமாம். அதனால அடுத்தவரோட சத்தத்தை மட்டும் கொஞ்சம் முன்னாடி இழுத்துவிடுவார். படத்துல இன்னும் இவர் மூஞ்சி இருக்கும்போதே அவர் குரல் வந்துடும், பின்னாலதான் அவர் மூஞ்சி வரும். கீழ்ப்பட்டை இடதுபக்கம் நீட்டிக்கிட்டு இங்கிலீஷ் ஜே மாதிரி இருக்கும், அதனால ஜே கட். மூஞ்சி மாறின பிறகும் பழைய குரலே ஓடினா கீழ்ப்பட்டை வலதுபக்கம் நீளும், அது எல் கட்.

"அடப்போங்க, இதுக்கு ஒரு படிப்பா? நான் அடுப்பங்கரையிலேருந்து பேசிக்கிட்டே வர்றேனே, அது ஜே. நீங்க வாசலைத் தாண்டியும் நான் திட்டுறது நிக்கலையே, அது எல்"னு சொன்னேன். அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்வளவுதான் விண்ணரசி, பேசுறவங்களைவிடக் கேக்குறவங்க மூஞ்சியிலதான் பேச்சு இருக்குன்னார். அப்ப அதை நான் பெருசா எடுத்துக்கலை.

இப்ப துரைராசு ஐயா கதைக்கு வர்றேன்.

செம்பனார்கோயில் பக்கம் நிலம் வச்சுருக்கிற குடும்பம். ஐயாவுக்கு அறுபது முடிஞ்சதும் தை மாசத்துல திருக்கடையூர்ல மணிவிழா பண்ணினாங்க. ஒரே மகன் தமிழரசன் சிங்கப்பூர்ல இருக்கான். லீவு கிடைக்கலை. நான் வரலேன்னா என்ன, எல்லாத்தையும் நல்லா வீடியோ எடுத்துடுங்க, முக்கியமா அப்பாவையும் அம்மாவையும் உக்கார வச்சுப் பேச விட்டு எடுங்கன்னு ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். இப்ப அதுதான் பேஷன். மாலையும் கழுத்துமா மண்டபத்து ஓரமா ரெண்டு நாற்காலி போட்டு, ஐயாவுக்கு ஒரு கேமரா, மங்களாம்பிகை அம்மாவுக்கு ஒரு கேமரா, ரெண்டு பேர் துணியிலயும் குட்டி மைக் வச்சு, கேமராக்காரன் பரிதி கேள்வி கேட்டு எடுத்தான். ரெண்டு மைக்கும் ஒரே ரெக்கார்டர்ல தனித்தனியாப் பதிவாகும்.

தை பிறந்தா ஸ்டுடியோக்காரனுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. கல்யாண வீடியோ காதுகுத்துக்குத்தான் வந்து சேரும்னு ஊரே கிண்டல் பண்ணும். மணிவிழா வீடியோ வரிசையில கிடந்துச்சு. பங்குனியில ஒரு நாள் செய்தி வந்துச்சு. மங்களாம்பிகை அம்மா கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தவங்க, அப்படியே உக்காந்து சாஞ்சுட்டாங்களாம். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிர் போயிடுச்சு.

காரியம் முடிஞ்ச கையோட ஐயா ஸ்டுடியோவுக்கு வந்து, "தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம், அவ பேசுறது மட்டும் எனக்கு வேணும்"னு நின்னாராம். அன்னிக்குத்தான் இவர் எல்லாத்தையும் திறந்து பாத்தார். சனியன், அம்மாவோட கேமரா பதிவு இல்லை. பேட்டி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கார்டு ஃபுல் ஆகிடுச்சு. பரிதி வேற கார்டு மாத்திருக்கான். அந்த ரெண்டாவது கார்டைக் காப்பி எடுத்தாச்சுன்னு நினைச்சு, அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சுட்டு அதுலயே எடுத்துட்டான். மிச்சம் இருந்தது முதல் கார்டு. அதுல ஐயாதான் பேசுறார், அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க வாய் திறந்து பேசுற படம் ஒரு துளி கிடையாது. குரல் மட்டும் ரெக்கார்டர்ல முழுசா இருந்துச்சு.

ஸ்டுடியோ முதலாளி அருள்ஜோதி அண்ணன் தலையில கை வச்சுட்டார். வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது கிளாட்சா, உன் வித்தையை வச்சு எப்படியாவது ஒப்பேத்துன்னார்.

இவரும் ஒப்பேத்தினார். பள்ளிக்கூடம் விட்டு நான் டிபன் பாக்ஸ் வாங்கப் போனா, மத்தியானம் கொடுத்த சோறு அப்படியே இருக்கும். அம்மா குரலை முன்னாடி விட்டு, படத்துல ஐயா கேக்குற மூஞ்சி. அம்மா ஒரு வாக்கியம் முடிச்சு மூச்சு இழுக்குற இடைவெளி வருதில்ல, அந்த இடத்துல மட்டும் அம்மா மூஞ்சி. அடுத்த சொல் வர்றதுக்குள்ள திரும்ப ஐயா மூஞ்சி. எந்த இடத்துலயும் அம்மா வாய்க்கும் குரலுக்கும் வேலையே இல்லை. ஆனா பாக்குற நமக்கு அம்மா இப்பத்தான் பேசி முடிச்சு வாயை மூடின மாதிரி இருக்கும். நானே ஏமாந்தேன். யப்பா, மாயக்காரன்னு சொன்னேன்.

முடிச்சு பென்டிரைவ்ல ஐயாவுக்குக் கொடுத்து, மகனுக்கும் அனுப்பினாங்க. மறுநாளே ஐயா போன் பண்ணினார். "தம்பி, அவ பேசுறதைக் கண்ணால பாத்தேன்யா. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டே பேசுறா பாரு, அவளேதான்"னு அழுதார். பேசின படமே இல்லாத அம்மாவை அவர் பேசப் பாத்துட்டார். இவர் போனை வச்சுட்டுக் கொல்லைக்குப் போய் முகம் கழுவிட்டு வந்தார்.

அதோட முடிஞ்சிருந்தா நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன்.

கார்த்திகை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு வந்து நான் குழம்பு கூட்டிக்கிட்டு இருக்கேன். கூறைநாட்டுல எங்க வாடகை வீட்டைத் தேடிக்கிட்டு துரைராசு ஐயா வந்துட்டார். ஆள் பாதியாக் கரைஞ்சிருந்தார். உள்ள வாங்கய்யான்னா வரலை. படியிலேயே உக்காந்துட்டார்.

"தம்பி, அந்த வீடியோவுல ஒரு இடத்துல அவ சொல்றாளே, நெசமாவே அன்னிக்குச் சொன்னாளா?"

எந்த இடம்னு இவர் கேக்கவே இல்லை. மூஞ்சி வெளிறிப் போச்சு. எனக்கும் அந்த இடம் தெரியும். உங்களுக்கு என்னம்மா ஆசைன்னு பரிதி கேப்பான். அம்மா சிரிச்சுக்கிட்டே, "எனக்கென்னப்பா ஆசை. கொஞ்ச நாளா நடந்தாலே மூச்சு வாங்குது, நெஞ்சை என்னமோ பிடிக்குது. சம்பா அறுப்பு முடிஞ்சதும் இவங்க என்னைத் தஞ்சாவூருக்கு ஒரு நல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாப் போதும்"பாங்க. அப்ப படத்துல ஐயா மூஞ்சி. கேட்டுட்டு, மெதுவாத் தலையாட்டுவார்.

"சொன்னாங்கய்யா"ன்னார் இவர்.

"எனக்கு நினைப்பே இல்லையே தம்பி. வீட்டுல ஒரு நாளும் அவ சொன்னதில்லை. ஆனா நான் தலையாட்டுறேனே, என் கண்ணால பாக்குறேனே. அப்ப கேட்டுருக்கேன். கேட்டு, சரின்னுட்டு, அறுப்பு மிஷினுக்கு அலையப் போயிட்டேன். அறுப்பு முடிஞ்சும் கூட்டிட்டுப் போகலை. தெரிஞ்சே அவளை விட்டுட்டேனா தம்பி நான்?"

மகனும் அதையேதான் பிடிச்சுக்கிட்டானாம். அம்மா வாய்விட்டுக் கேட்டுருக்கு, நீ தலையாட்டிட்டு வயலைப் பாக்கப் போயிருக்கியேப்பா, நீயெல்லாம் மனுசனான்னு கேட்டானாம். அப்புறம் போனே எடுக்கிறதில்லை. வருஷத் திதிக்கு வருவேன், துலாக்கட்டத்து ஆத்தங்கரையில அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு அப்படியே திரும்பிடுவேன், அந்த ஆள் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சித்தப்பாகிட்டச் சொல்லி அனுப்பிட்டான். ஐயா இதைச் சொல்லும்போது அழலை. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும். ஒரு வாய் காபிகூடக் குடிக்காமப் போயிட்டார்.

அவர் போனதும் இவர் சுவத்துல சாஞ்சு நின்னார். என்னங்கன்னு கேட்டேன். "அந்தத் தலையாட்டு அவரோடது இல்லை விண்ணரசி"ன்னார்.

அப்புறம்தான் சொன்னார். அம்மா அதைச் சொல்ற நேரத்துல ஐயாவோட கேமராவுல என்ன இருக்குன்னா, ஐயா முழுசா அந்தப் பக்கம் திரும்பியிருக்கார். பந்தி நடக்கிற இடத்தைப் பாத்துக் கையை ஆட்டி, மச்சானை உக்கார வச்சாச்சா, அப்பளம் வரலையே பாருன்னு சத்தம் போடுறார். அவர் மைக்குல அது பதிவாயிருக்கு. அம்மா மைக்குல அம்மா தன்பாட்டுக்கு மூச்சு வாங்குறதைச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அம்மா பேசுற படம் இருந்திருந்தா அந்த நேரத்துக்கு அம்மா மூஞ்சியைப் போட்டுட்டுப் போயிருப்பார், ஐயா திரும்பினது யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. படம் இல்லை. ஐயா மூஞ்சியைத்தான் போட்டாகணும். செத்துப்போன பொண்டாட்டி கடைசியாக் கேட்டதை இந்த மனுசன் திரும்பிக்கிட்டு இருந்த படத்தோட எப்படிக் கொடுக்கிறதுன்னு இவருக்கு மனசு வரலை.

அதனால ஐயா மைக்கை அந்த இடத்துல மட்டும் அமுக்கிட்டார். அம்மா மைக்குல லேசாக் கேட்ட அவர் குரலை மேளச் சத்தம் போட்டு மூடிட்டார். பேட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஐயா, கேமராவைப் பாக்காதீங்க, அம்மாவைப் பாருங்கன்னு பரிதி சொன்னப்ப அவர் சரின்னு தலையாட்டினது பதிவாயிருந்துச்சு, அந்தத் துண்டை எடுத்து இங்கே வச்சுட்டார். பரிதிக்கு ஆட்டின தலை, பொண்டாட்டிக்கு ஆட்டினதா ஆகிப்போச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நல்லது பண்றேன்னு கிளம்பி அந்த மனுசனைக் கொலைகாரன் ஆக்கிட்டீங்களே! காதுல விழாதவர்னு போயிருக்கும். இப்ப கேட்டும் செய்யாதவர்னு ஆகிப்போச்சே"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுப் பாத்திமா என்னவோ ஏதோன்னு எட்டிப் பாத்தா.

மறுநாள் அருள்ஜோதி அண்ணன்கிட்டப் போய், உண்மையைச் சொல்லப்போறேன்னு சொல்லிருக்கார். அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார். இதைச் சொன்னா கார்டு அழிஞ்சதும் வெளிய வரும், கடை பேரு நாறிடும், சொல்றதா இருந்தா நாளையிலேருந்து கடைப்பக்கம் வராதேன்னார். இவர் ஹெட்போனைக் கழட்டி மேசையில வச்சுட்டு, எடிட் பண்ணாத பதிவை லேப்டாப்புல ஏத்திக்கிட்டு வந்துட்டார். பதினஞ்சு வருஷ வேலை. வாய் இல்லாத மனுசன்னு சொன்னேனே, அன்னிக்கு எனக்கு அவரைப் பாக்கப் பெருமையாவும் இருந்துச்சு, அடுத்த மாச வாடகைக்கு என்ன பண்றதுன்னும் இருந்துச்சு.

அன்னிக்கே நானும் அவரும் வண்டியில போனோம். வழி நெடுக நட்ட சம்பா பச்சையா நின்னுச்சு. ஐயா வயல்ல மட்டும் பயிரை மூடிக் களை. ஐயா வீட்டுக் கூடத்துல லேப்டாப்பை வச்சார். தமிழரசன் அப்பா நம்பரை எடுக்க மாட்டான்னு இவர் நம்பர்லேருந்து வீடியோ கால் போட்டார். அவன் எடுத்தான். போனை லேப்டாப் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன்.

இவர் எல்லாத்தையும் சொன்னார். கார்டு அழிஞ்சது, அம்மா பேசின படமே இல்லாதது, தலையாட்டு எங்கேருந்து வந்துச்சுங்கிறது, ஒண்ணு விடாம. அப்புறம் அந்த இடத்தை ஓட விட்டார். மேளம் இல்லை. அம்மா குரல் மெல்லிசா வருது. கொஞ்ச நாளா நடந்தாலே மூச்சு வாங்குது. படத்துல ஐயாவோட முதுகும் பாதிக் கன்னமும். அம்மா குரல் மேலயே அவர் குரல் பெருசா விழுது. மச்சானை உக்கார வச்சாச்சா? நெஞ்சை என்னமோ பிடிக்குது. அப்பளம் வரலையே பாரு. அம்மா தஞ்சாவூர்னு சொல்லி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் மாதிரி சும்மா இருக்காங்க. பதிலுக்குக் காத்திருக்காங்கன்னு எனக்குப் பட்டுச்சு. அப்புறம் ஐயா திரும்பி, என்ன முடிஞ்சுதா தம்பின்னு பரிதியைக் கேக்குறார். அவ்வளவுதான்.

நம்ம பொம்பளைங்க ஒரு தடவைதான் கேப்போம். பதில் வரலேன்னா அதை முழுங்கிட்டு அடுத்த வேலையைப் பாப்போம். அந்த அம்மா வீட்டுல ஏன் திரும்பச் சொல்லலைன்னு எனக்கு அப்பப் புரிஞ்சுது.

போன்லேருந்து தமிழரசன் குரல் வந்துச்சு. "எங்கப்பா தலையை ஆட்டுறதுக்கு நீங்க யாருங்க?"

"தப்புதான் தம்பி"ன்னார் இவர்.

"எங்கப்பாவை நான் என்னென்ன பேசிட்டேன் தெரியுமா உங்களுக்கு?"ன்னு கத்தினான். கத்திக்கிட்டே உடைஞ்சுட்டான். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. "அப்பா, உன் காதுல விழவே இல்லையாப்பா? நான் தெரியாமப் பேசிட்டேன்ப்பா. திதிக்கு நம்ம வீட்டுக்குத்தான் வர்றேன். உன்கூடத்தான் இருப்பேன்."

நான் போனை ஐயா பக்கம் திருப்பினேன். "வாடா ராசா"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் நீயே பிடின்னு கையைக் காட்டிட்டார். அவன் கொஞ்ச நேரம் அழுதுட்டு வச்சுட்டான்.

எனக்கு மனசுல பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. மகன் கிடைச்சுட்டான், மனுசன் மேல பழி போச்சு, இனிமே என்னன்னு நினைச்சேன். இவர் லேப்டாப்பை மூடப் போனார். ஐயா அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். திரும்பப் போடச் சொன்னார். போட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்பளம் வரலையே பாருங்கிற இடத்துல அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

"ஐயா, உங்க முதுகு தெரியாத மாதிரி அந்த இடத்துல அம்மா போட்டோ ஒண்ணை மட்டும் வச்சுச் சரிபண்ணித் தர்றேன்யா. பொய்த் தலையாட்டை எடுத்துடுறேன்"னார் இவர்.

வெளிய யாரோ பம்ப்செட்டை நிறுத்திட்டாங்க.

"வேண்டாம் தம்பி, அதை எடுக்காத"ன்னார். "அந்தத் தலையாட்டுறவன் நான் இல்லை, சரி. எனக்குப் பழி வந்தா வரட்டும். ஆனா அவ மூச்சு வாங்குதுன்னு சொன்னப்ப அவன் ஒருத்தன்தானய்யா கேட்டான். அவனையும் எடுத்துட்டா, அவ யாருகிட்டச் சொன்னதா ஆகும்?"

இவர் ஐயாவோட காலைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டார்.